வீட்டுப் பூஜையில் எது முன்னே, எது பின்னே? வரிசைப்படுத்தும் பயிற்சித்தாளுக்கான கேள்வி-பதில்

ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சித்தாள் செய்தேன். பூஜையின் படிகளைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டி, கலைத்துக் கொடுத்து, அடுக்கச் சொல்வேன். அடுக்கியதும் ஒவ்வொரு துண்டையும் காட்டி, "இது ஏன் இங்கே?" என்று கேட்பேன். துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போன பிள்ளைகளின் பெற்றோர் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும் இவை.

தாளில் மொத்தம் எத்தனை துண்டுகள்? சரியான வரிசையை எங்களுக்காவது சொல்லிவிடுங்கள்.

13 துண்டுகள். கலைத்த நிலையில் பிள்ளைகள் கையில் கிடைப்பது இப்படி:

- கற்பூரம் காட்டுதல்
- பூச்சூட்டி அர்ச்சனை செய்தல்
- சங்கல்பம்
- படைத்ததைப் பகிர்ந்து உண்ணுதல்
- நீராட்டுதல்
- தீபம் காட்டுதல்
- குத்துவிளக்கு ஏற்றுதல்
- நைவேத்தியம்
- எழுந்தருள அழைத்தல்
- சாம்பிராணி, ஊதுவத்திப் புகை
- வலம் வந்து வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுதல்
- சந்தனம், குங்குமம் இடுதல்
- பிள்ளையாரை வணங்குதல்

அடுக்கவேண்டிய முறை: குத்துவிளக்கு, பிள்ளையார், சங்கல்பம், அழைத்தல், நீராட்டு, சந்தனம் குங்குமம், பூவும் அர்ச்சனையும், புகை, தீபம், நைவேத்தியம், கற்பூரம், வலம் வந்து வணங்குதல், கடைசியில் பகிர்ந்து உண்ணுதல்.

விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். தாளின் முழுப் பயனும் பிள்ளை தவறாக வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. தவறு வந்ததும் திருத்தவும் வேண்டாம். "வீட்டுக்கு ஒருவர் வருகிறார், நாம் என்னென்ன செய்வோம்?" என்று கேளுங்கள். வாசலில் வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, குளிக்கச் சொல்லி, உடுக்க உடை தந்து, சாப்பிட உட்கார வைப்போம். குளிப்பதற்கு முன்னால் மாலை போட மாட்டோம். பூவை நீராட்டுக்கு முன்னால் வைத்த பிள்ளை இதைக் கேட்டதும் தானே மாற்றி வைத்துவிடும். நூல்கள் சொல்லும் 16 உபசாரங்களின் முதுகெலும்பும் இந்த விருந்தோம்பல்தான். ஆவாகனம், ஆசனம், பாத்தியம் என்று தொடங்கும் பெயர்களைக் கேட்டாலே தெரியும்: அழைப்பு, இருக்கை, கால் கழுவ நீர்.

விளக்கைத்தான் முதலிலேயே ஏற்றிவிட்டோமே, நடுவில் மறுபடியும் எதற்குத் தீபம்? என் மகள் இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டாள்.

அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் வைக்கிறார்கள். பெரியவர்களில் பலருக்கும் இதே ஐயம் உண்டு. ஒரு பூஜைக்குள் மூன்று சுடர்கள் வருகின்றன. மூன்றுக்கும் வேலை வேறு.

முதற்சுடர் குத்துவிளக்கு. அது நமக்காக ஏற்றுவது. இருட்டில் விருந்தினரை வரவேற்க முடியாது, பூஜை செய்கிறவருக்கும் கண் தெரிய வேண்டும், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது வருகிறது. நடக்கப்போகும் காரியத்துக்குச் சாட்சியாக அது கடைசிவரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் அதற்கும் பொட்டிட்டுப் பூ வைத்து வணங்கிவிட்டு மேலே தொடர்கிறோம். பூஜை முடிந்தபின் அதை வாயால் ஊதி அணைப்பதில்லை. பூவின் காம்பாலோ ஒரு சொட்டுப் பாலாலோ அமர்த்துவோம். 'அணைத்தல்' என்ற சொல்லைக்கூடத் தவிர்த்து, 'மலையேற்றுதல்' என்றும் 'குளிரவைத்தல்' என்றும் சொல்கிற வீடுகள் இருக்கின்றன.

இரண்டாவது சுடர் நடுவில் காட்டும் தீபம். இது நமக்காக அல்ல, வந்தவருக்கான உபசாரம். குளித்து, உடுத்தி, பூச்சூடி, நறும்புகை ஏற்று அமர்ந்திருப்பவரின் முன் ஒரு சிறு விளக்கை உயர்த்திக் காட்டுகிறோம். அப்போது சொல்லும் சுலோகத்தின் பொருளே, 'நெய்யும் மூன்று திரியும் இட்டு நான் ஏற்றிய இந்த மங்கள தீபத்தை ஏற்றுக்கொள்' என்பதுதான். குத்துவிளக்கை யாரும் கையில் எடுத்துச் சுற்றிக் காட்டுவதில்லை. இதைக் கையில் எடுத்துக் காட்டுகிறோம். இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு அடையாளமே போதும்: நின்று எரிவது சாட்சி, கையில் ஏந்துவது உபசாரம்.

மூன்றாவது கற்பூரம். அதைப் பற்றிப் பின்னால் தனியாகக் கேள்வி வருகிறது, அங்கே சொல்கிறேன்.

விளக்கைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. சாட்சியாக எரியவேண்டிய விளக்கு பாதியில் படபடவென்று வெடித்து அணைந்தால் பலர் அபசகுனம் என்று கலங்குகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கைத் தேய்த்துக் கழுவி, உள்ளே சரியாகத் துடைக்காமல் எண்ணெய் ஊற்றியிருப்போம். குழியில் தங்கிய நீர் எண்ணெய்க்கு அடியில் கிடந்து திரியில் ஏறும்போது சுடர் சிதறும். துணியால் துடைத்து, சற்று நேரம் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, திரியை முழுவதும் நனைத்து, நுனியை மட்டும் மேலே விட்டு ஏற்றுங்கள். அணைந்துவிட்டால் மறுபடி ஏற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சங்கல்பம் என்றால் வேண்டுதல்தானே? அதைக் கடைசியில் வைத்தால் என்ன?

வேண்டுதல் அதற்குள் ஒரு பகுதி மட்டும். வலது தொடையின் மேல் இடது கையை மல்லாத்தி, பூவும் அட்சதையும் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டு சொல்கிறோமே, அந்த வாக்கியத்தை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். முதலில் இடம் வருகிறது: ஜம்புத்வீபம், பாரதவர்ஷம், பரதகண்டம், மேருவின் தென்புறம். பிறகு காலம்: ஆண்டின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். அதன்பின் யாருக்காக, எதற்காக என்பது. உலகின் பெரிய வட்டத்தில் தொடங்கி, இந்த வீட்டின் இந்த மாலைப்பொழுது வரை சுருங்கி வந்து, 'இங்கே, இன்று, இவன் இந்தப் பூஜையைச் செய்கிறேன்' என்று பொறுப்பேற்கும் வாக்கு அது. விருந்தினரை அழைக்கும் முன் வீட்டுக்காரர் தன் மனத்தை உறுதி செய்துகொள்கிறார். அழைத்த பிறகு உறுதி செய்வது பொருந்தாது.

பிள்ளையார் இதற்கும் முன்னால் வருவது, எடுத்த காரியம் தடையில்லாமல் முடிய. பெரிய பூஜைகளில் முதலில் குட்டிக்கொண்டு 'சுக்லாம்பரதரம்' சொல்வதும், சங்கல்பத்துக்குப் பின் மஞ்சளில் பிள்ளையார் பிடித்துத் தனியாகப் பூஜை செய்வதும் உண்டு. தாளில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் இந்த இரண்டு துண்டையும் மாற்றி வைத்தால் நான் பெரிதாகத் திருத்துவதில்லை.

எங்கள் வீட்டில் படங்கள்தான் இருக்கின்றன. அழைப்பது, நீராட்டுவது எல்லாம் எப்படிப் பொருந்தும்?

பொருந்தும். செய்கை சுருங்கும், வரிசை மாறாது. ஒரு பஞ்சபாத்திரத்தில் நீர், பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம். 'பாத்தியம்' என்றதும் உத்தரணியால் ஒரு கரண்டி நீரைப் படத்துக்குக் காட்டிவிட்டுக் கிண்ணத்தில் விடுகிறோம். 'அர்க்கியம்' என்று ஒன்று, 'ஆசமனீயம்' என்று ஒன்று. நீராட்டுக்கு ஒரு பூவால் நீரைத் தொட்டுப் படத்தின் முன் தெளித்தால் போதும். ஆடை, ஆபரணம் எதற்கும் பொருள் கையில் இல்லையென்றால் இரண்டு அட்சதை போடுவது வழக்கம். அட்சதை 'இல்லாத பொருளின் இடத்தில் இதை ஏற்றுக்கொள்' என்று சொல்கிறது. முனை முறியாத பச்சரிசியாக இருக்க வேண்டும் என்பது அதன் ஒரே நிபந்தனை. சொல்லின் பொருளே 'குறைபடாதது'.

அழைத்தலும் வழியனுப்புதலும் மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபடும். விநாயகர் சதுர்த்தியின் களிமண் பிள்ளையாரையும், வரலட்சுமி விரதத்துக் கலசத்தையும் அழைத்து எழுந்தருளச் செய்கிறோம். அதனால் முடிவில் யதாஸ்தானம் சொல்லிச் சற்று வடக்கே நகர்த்தி வழியனுப்பவும் செய்கிறோம். தினமும் பூஜை மாடத்திலேயே இருக்கிற படத்துக்கோ விக்கிரகத்துக்கோ வழியனுப்புதல் கிடையாது. அங்கே 'அழைத்தல்' என்பது நம் கவனத்தை அவர் பக்கம் திருப்புவது. ஆகவே 'வழியனுப்புதல்' என்ற துண்டு தாளில் இல்லாததைத் தவறு என்று எண்ணவேண்டாம்.

பூவுக்குப் பிறகு ஏன் புகை? முதலிலேயே ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டால் அறையே மணக்குமே.

அறை மணக்க ஏற்றுவது வேறு, உபசாரமாகக் காட்டுவது வேறு. குளித்த கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டி உலர்த்தி, பிறகு பூச்சூடியதைச் சங்கப் பாடல்களிலேயே காணலாம். அந்த வழக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் புகை பூவுக்கு முன்னால் வரவேண்டும். பூஜையில் பூ முன்னும் புகை பின்னுமாக இருக்கிறது. விருந்தோம்பல் என்ற திறவுகோல் எல்லாப் பூட்டையும் திறக்காது என்று பிள்ளைகளிடம் சொல்ல இது நல்ல இடம்.

இந்த இடத்தில் வேறொரு விளக்கம் உதவுகிறது. சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம் என்ற ஐந்தும் சேர்ந்தது பஞ்சோபசாரம். ஐந்து பூதங்களையும் இந்த ஐந்தின் வழியாக ஒப்படைப்பதாக மந்திரம் சொல்கிறது. சந்தனம் நிலம், பூ ஆகாயம், தூபம் காற்று, தீபம் நெருப்பு, நைவேத்தியம் அமுதமாகிய நீர். பூ எப்படி ஆகாயம் என்று ஒரு பையன் கேட்டான். மொட்டாக மூடியிருந்தது விரிந்து தன்னுள் இடம் தருகிறதல்லவா, அப்படி எண்ணிப்பார் என்றேன். இது என் விளக்கம், நூலின் விளக்கம் அல்ல என்பதையும் அவனிடம் சொன்னேன்.

மணி எந்தத் துண்டோடு சேரும்?

ஒரு துண்டோடு மட்டும் சேராது, அதனால்தான் தாளில் அதைத் தனியாக வைக்கவில்லை. தொடக்கத்தில் ஒருமுறை ஒலிக்கும். தேவர்கள் வருவதற்கும் தீயவை அகல்வதற்கும் என்று அப்போது சொல்லும் சுலோகமே காரணம் கூறுகிறது. பிறகு தூபம், தீபம், நைவேத்தியம், கற்பூரம் ஆகிய இடங்களில் இடது கை மணியை அசைக்க, வலது கை காட்டும். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் மணியை அதன் கையில் கொடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் அடிப்பது என்று காத்திருப்பதிலேயே பூஜையின் வரிசை அதற்குப் பழகிவிடும்.

நைவேத்தியத்தில் சரியாக என்னதான் செய்ய வேண்டும்? நாங்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே கற்பூரம் ஏற்றிவிடுகிறோம்.

பெரும்பாலான வீடுகளில் அவசரத்தில் தேய்ந்துபோன படி இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்வோம். சர்க்கரைப் பொங்கல், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

பொங்கல் வெந்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறும் முன், ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து மேலே ஒரு துளி நெய் விட்டு மூடி வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஒருவர் வாயில் வைக்கக்கூடிய சூடுதான் அளவு. சந்நிதியின் முன் தரையில் நீரால் ஒரு சிறு சதுரம் வரைந்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, இப்போது மூடியைத் திறக்க வேண்டும். மூடியபடியே படைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிற தவறு அடிக்கடி நடக்கிறது. பழத்தையும் அப்படியே வைக்காமல், நுனித்தோலைச் சிறிது உரித்து வைப்பார்கள். விருந்தினர் முன் உரிக்காத பழத்தை நீட்டிவிட்டுப் போகக்கூடாது என்ற கருத்துதான்.

பிறகு நீரைத் தெளித்து, உணவைச் சுற்றி விடுகிறோம். மந்திரம் தெரிந்தவர்கள் பிராணாய, அபானாய, வியானாய, உதானாய, சமானாய, பிரம்மணே என்று ஆறு முறை 'ஸ்வாஹா' சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வலது கையால் உணவிலிருந்து இறைவனை நோக்கி ஊட்டுவதுபோல் காட்டுவார்கள். இந்த ஆறும் பூஜைக்கென்றே தனியாக வந்தவை அல்ல. முறைப்படி உண்கிறவர் தம் இலையில் முதற்சில பருக்கைகளை எடுத்து உண்ணும்போது சொல்லும் அதே சொற்கள். தான் எப்படி உண்பானோ அப்படியே அவருக்கும் ஊட்டுகிறான். மந்திரம் தெரியாதவர்கள் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று மனதாரச் சொல்லி ஆறு முறை கையைக் காட்டலாம்.

இதற்கு அடுத்து வருவதுதான் விட்டுப்போகிற பகுதி: சற்று நேரம் விலகி இருப்பது. கோயிலில் திரை போடுவார்கள். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பதிகமோ பாசுரமோ பாடும் நேரம் காத்திருந்தால் போதும். யாரும் சாப்பிடுகிறவரை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பிறகு நடுவில் அருந்த நீர், கை கழுவ நீர், வாய் கொப்பளிக்க நீர் என்று மூன்று உத்தரணி. கடைசியாக வெற்றிலை பாக்கு. உண்டபின் தாம்பூலம் என்பதை நம் வீட்டு விருந்துகளில் பார்த்த பிள்ளைகள் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். கற்பூரம் இவை அனைத்துக்கும் பிறகு.

ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது? இனிப்பு கூடக் குறைய இருந்தால்?

அளவை நம்பித்தான். ஒரு கப் பச்சரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு, ஒன்றரை முதல் இரண்டு கப் வரை பொடித்த வெல்லம் என்று ஒருமுறை சாதாரண நாளில் செய்து ருசி பார்த்து, உங்கள் வீட்டுக்குப் பிடித்த அளவை முடிவு செய்துகொள்ளுங்கள். பூஜையன்று அதே கப், அதே கரண்டி. என் பாட்டி உப்புக்கென்று ஒரு சிரட்டைக் கரண்டி வைத்திருந்தார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ருசி பார்க்காத பாட்டி கையில் உப்பு ஏன் தவறுவதே இல்லை என்று வெகுநாள் வியந்திருக்கிறேன். அந்தக் கரண்டிதான் காரணம்.

இந்தக் கட்டுப்பாடு சுத்தத்தைப் பற்றியது மட்டும் இல்லை. முதல் வாய் யாருடையது என்பதைப் பற்றியது. ஆகவே சமைக்கும்போது குழந்தை ஓடிவந்து ஒரு முந்திரியை எடுத்துத் தின்றுவிட்டால் அடிக்காதீர்கள். அது தொடாத பகுதியிலிருந்து கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், அல்லது பழத்தைப் படையுங்கள்.

நைவேத்தியமும் பிரசாதமும் ஒன்றுதானே? எந்த நேரத்தில் பெயர் மாறுகிறது?

பொருள் ஒன்று, நிலை இரண்டு. நாம் அவருக்கு அறிவித்து ஒப்படைப்பது நைவேத்தியம். 'நிவேதனம்' என்றாலே அறிவித்தல். அவர் ஏற்றுத் திருப்பித் தருவது பிரசாதம். அந்தச் சொல்லுக்குத் தெளிவு, மனம் குளிர்தல், அருள் என்று பொருள். ஆகவே பொங்கல் வைக்கும்போது 'பிரசாதம் வைக்கிறேன்' என்று சொல்வது பிழை. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இதை ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள்.

வகுப்பில் ஒரு சிறுமி 'பகிர்ந்து உண்ணுதல்' துண்டை நைவேத்தியத்துக்கு அடுத்தே வைத்தாள். "சாப்பிட்டாரே, மிச்சம் நமக்குத்தானே" என்றாள். நியாயமான கேள்வி. "தாத்தா சாப்பிட்டு எழுந்திருக்கும் முன்பே அவர் தட்டை எடுத்துவிடுவாயா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் துண்டைக் கடைசிக்கு நகர்த்தினாள். கற்பூரமும் வணக்கமும் முடிந்து, எல்லாரும் எழுந்த பிறகுதான் கிண்ணம் கைக்கு வரும்.

அந்தக் கிண்ணம் சமையலறைக்குத் திரும்பும்போது பாட்டி செய்வது ஒன்று உண்டு. படைத்த பொங்கலில் ஒரு கரண்டியைப் பெரிய பாத்திரத்தில் விட்டு, அடிவரை ஒரு கிளறு கிளறுவார். அதோடு பாத்திரம் முழுவதும் பிரசாதமாகிவிடும். பத்துப் பேர் வந்தாலும் எல்லார் தட்டிலும் போவது அவர் உண்டதன் மிச்சம்தான். கொஞ்சம் படைத்தால் மற்றது வெறும் சமையலா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள்.

பகிர்தலிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. திருநீறு, குங்குமம் அல்லது துளசித் தீர்த்தம் முதலில், உணவு பிறகு. வலது கையை நீட்டி, இடது கையை அதன் கீழே தாங்கி வாங்குவது பழக்கம். கீழே சிந்தக்கூடாது, வீணாக்கக்கூடாது என்பதால் சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும். கேட்டால் இரண்டாவது முறை கொடுக்கலாம்.

கற்பூரத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? மற்ற தீபங்கள் போதாதா?

மூன்றாவது சுடருக்கு வந்துவிட்டோம். குத்துவிளக்கின் திரி கருகி நிற்கும். ஊதுவத்தி சாம்பல் உதிர்க்கும். கற்பூரம் மட்டும் திட வடிவிலிருந்து நேரே ஆவியாகி எரிவதால், நல்ல கற்பூரமாக இருந்தால் தட்டில் சாம்பலே மிஞ்சாது. 'நான்' என்பது அப்படி மிச்சமில்லாமல் கரைய வேண்டும் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள். எரிந்தபின் தட்டில் மெழுகுபோல் ஏதாவது படிந்தால் கலப்படம் என்று கொள்ளலாம்.

இன்னொரு பொருளும் அதற்கு உண்டு. மணமக்களுக்கும் பயணம் முடித்து வந்தவருக்கும் வாசலில் ஆலத்தி எடுக்கிறோமே, அதே அன்புதான் இங்கேயும். உபசாரம் எல்லாம் முடிந்தபின் வந்தவரை ஒளியில் முழுவதுமாக ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். அதனால் கற்பூரம் எரியும்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். நைவேத்தியத்தின்போது மூடிய கண்ணை இப்போது திறக்க வேண்டும். காட்டி முடித்ததும் அந்த ஒளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

பொங்கல் வேக நேரமாகிவிட்டது, கற்பூரம் முதலில் காட்டிவிட்டோம். பூஜை கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பொங்கல் வந்ததும் நீர் சுற்றிப் படைத்து, சற்றுக் காத்திருந்து, தாம்பூலம் வைத்து, ஒரு சிறு துண்டுக் கற்பூரத்தை மறுபடி காட்டிவிடுங்கள். அடுத்த முறை சமையல் தாமதமாகும் என்று தெரிந்தால், பாலும் பழமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு அதைப் படைக்கலாம்.

வரிசையிலேயே இதற்கு ஒரு படி இருக்கிறது. வலம் வந்து வணங்கும்போது, மந்திரம் குறைந்தது, செய்கை குறைந்தது, பக்தி குறைந்தது, இருந்தும் நீ நிறைவாக ஏற்றுக்கொள் என்று வேண்டுகிறோம். ஒவ்வொரு நாளும் இதைச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று தவறும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். பூஜை இடத்தில் ஒருவர் தவறுக்காக மற்றவர் கோபித்துக் குரல் உயர்த்துவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

காலையில் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. எந்தத் துண்டுகளை விடலாம்?

குத்துவிளக்கையும் நைவேத்தியத்தையும் விடாதீர்கள். விளக்கேற்றி, பொட்டிட்டு, ஒரு பூ, ஒரு ஊதுவத்தி, ஒரு சிறு தீபம், ஒரு பழம். முன்னே சொன்ன பஞ்சோபசாரம் இதற்குள் முழுமையாக அடங்கிவிட்டது. பூவும் இல்லாத நாளில் ஒரு இலை போதும். 'யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை' என்று திருமூலர் சொல்லியிருக்கிறார். நீராட்டையும் நீண்ட அர்ச்சனையையும் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 108 நாமங்களை மூச்சுவிடாமல் ஓட்டுவதைவிட, நிறுத்தி நிறுத்தி 12 நாமங்கள் சொல்லுங்கள். எதை விட்டாலும் மிஞ்சிய துண்டுகளின் முன்பின் மாறக்கூடாது.

நாங்கள் வைணவர்கள். எங்கள் திருவாராதனத்தில் இந்தப் பெயர்களே வருவதில்லையே?

பெயர்கள் மாறும், ஓட்டம் அதுவேதான். சொல்லப்போனால் உங்கள் முறையில் இந்த ஓட்டம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. திருவாராதனத்தில் ஆறு ஆசனங்கள்: மந்த்ராசனம், ஸ்நானாசனம், அலங்காராசனம், போஜ்யாசனம், மறுபடி மந்த்ராசனம், கடைசியில் பர்யங்காசனம். வரவேற்பு, நீராட்டம், அலங்காரம், அமுது, ஓய்வு என்று பெருமாள் ஒவ்வோர் இருக்கையாக மாறி எழுந்தருள்கிறார். பிள்ளையார் துண்டின் இடத்தில் ஆசாரியர்களை வணங்குதல் என்று எழுதிக்கொள்ளுங்கள். நைவேத்தியத்தைத் தளிகை அமுது செய்வித்தல் என்று மாற்றுங்கள். கிண்ணத்தின் மேல் ஒரு துளசி இருக்கட்டும்.

மனப்பாடமாக அடுக்குகிறாளா, புரிந்துதான் அடுக்குகிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுவதும் சரியாக அடுக்கிய பிறகு, அவள் கண்ணை மூடச் சொல்லி ஒரு துண்டை எடுத்து மறைத்துவிடுங்கள். என்ன காணவில்லை என்று கேட்காதீர்கள், மனப்பாடத்திலேயே சொல்லிவிடுவாள். "இது இல்லாமல் பூஜை நடந்தால் யாருக்கு என்ன குறை?" என்று கேளுங்கள். புரியாத பிள்ளை "சாமி கோபிக்கும்" என்று சொல்லும். புரிந்த பிள்ளையின் பதில் ஏதாவது ஒரு ஆளைக் கண்முன் வைத்துக்கொண்டு வரும்.

போன மாதம் நான் நைவேத்தியத்துக்கும் கற்பூரத்துக்கும் நடுவே ஒரு வெற்றுத் துண்டை வைத்து, இங்கே என்ன எழுதலாம் என்று கேட்டேன். தாம்பூலம் என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் பென்சிலால் "வெயிட் பண்ணணும், சாப்பிடுறார்" என்று எழுதிக் கொடுத்தான். அந்தத் துண்டை இப்போது தாளில் 14-ஆவதாகச் சேர்த்துவிட்டேன்.